தற்கொலையில் ஒருவரை இழந்த நண்பரிடம் பேசுவது எப்படி: கேட்கக் கூடாதவை, சொல்லக் கூடியவை

சாவு வீட்டுக்குப் போனால் என்ன கேட்பது என்று நமக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, ஆனாலும் எல்லோருக்கும் தெரியும். எப்போ ஆச்சு? எப்படி ஆச்சு? கடைசி நேரத்துல யார் கூட இருந்தாங்க? ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனீங்களா? வயதானவரோ நோயாளியோ இறந்த வீட்டில் இந்தக் கேள்விகள் உண்மையிலேயே உதவுகின்றன. "ஜிப்மர் வரைக்கும் கூட்டிட்டுப் போனோம், ராத்திரி பூரா நான்தான் பக்கத்துல இருந்தேன்" என்று பத்துப் பேரிடம் சொல்லச் சொல்ல, தன்னால் ஆனதைச் செய்தோம் என்பதை அந்த வீட்டார் தங்களுக்கே உறுதிப்படுத்திக்கொள்கிறார்கள்.

தற்கொலை நடந்த வீட்டில் அதே கேள்விகள் நேர் எதிராக வேலை செய்யும். "யார் கூட இருந்தாங்க?" என்றால் பதில் "யாரும் இல்ல". "முன்னாடியே ஏதாவது தெரிஞ்சுதா?" என்றால் பதில் "தெரியல", இல்லையென்றால் அதைவிடக் கொடுமையான "தெரிஞ்சுது". கேட்பவர் வழக்கப்படி கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். பதில் சொன்னவரோ, தான் காக்கத் தவறியவன் என்று இன்னொரு முறை ஒப்புக்கொண்டவராக அங்கேயே உட்கார்ந்திருப்பார். அதனால் இந்த வீட்டுக்கு நம் பழக்கத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

கடலூர், புதுச்சேரிப் பக்கம் வைத்தே ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு வரிசையாகப் பார்ப்போம். உங்களோடு மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் நண்பர் பிரபு. வீடு நெல்லிக்குப்பம். அவருடைய தம்பி தினேஷ், 24 வயது, நேற்று இரவு தற்கொலையால் இறந்துவிட்டார் என்று காலை 11 மணிக்குக் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் செய்தி வருகிறது. (பெயர்களும் சம்பவமும் விளக்கத்துக்காகப் புனைந்தவை.)

அந்த நேரத்தில் பிரபு எங்கே இருப்பார்

முதலில் இதைத் தெரிந்துகொண்டால் பாதித் தவறுகள் தாமாகவே நின்றுவிடும். தற்கொலை என்றால் காவல் நிலையத்தில் இயற்கைக்கு மாறான மரணமாகப் பதிவு செய்து விசாரிப்பார்கள். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவில் இருந்தது; 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவு. உடல் பிரேதப் பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைக்குப் போகும். கடைசியாக யார் பேசினார்கள், கடன் இருந்ததா, காதல் இருந்ததா, கடிதம் இருக்கிறதா என்று வீட்டார் ஒவ்வொருவரிடமும் கேட்டு வாக்குமூலம் வாங்குவார்கள். செல்போன் காவலர் கையில் இருக்கக்கூடும். இறந்தவர் திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் இருக்கும் பெண் என்றால் கோட்டாட்சியர் விசாரணையும் உண்டு.

அதாவது, நீங்கள் மனதில் வைத்திருக்கும் கேள்விகள் அத்தனைக்கும் பிரபு ஏற்கெனவே சீருடை போட்டவரிடம் பதில் சொல்லி முடித்திருக்கிறார், அநேகமாகப் பிணவறை வாசலில் நின்றுகொண்டு. நீங்கள் அன்போடு கேட்டாலும் அவர் காதில் அது அடுத்த விசாரணையாகவே விழும்.

முதல் செய்தி

செய்தி தெரிந்த அன்றே அனுப்பிவிடுங்கள். "என்ன சொல்றதுன்னே தெரியல, அப்புறம் பார்ப்போம்" என்று இரண்டு நாள் தள்ளினால், சாதாரண மரணமாக இருந்திருந்தால் எல்லோரும் வந்திருப்பார்கள் என்று அந்த வீட்டில் தோன்றும். இத்தகைய மரணத்தில் மௌனத்தை வெறுப்பாகப் படிப்பது மிக எளிது.

போன் செய்வதா, எழுதுவதா? முதல் நாள் எழுதுவது நல்லது. மணி அடித்தால் அவர் எடுத்தே ஆக வேண்டும்; எழுத்தை எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். குழுவில் போடாமல் அவருக்குத் தனியாக அனுப்புங்கள். ஆர்.ஐ.பி ஸ்டிக்கர், அழும் முகங்கள், மாலை போட்ட படம் எதுவும் வேண்டாம்.

பெரும்பாலும் நாம் அனுப்புவது இப்படி இருக்கும்:

"மச்சான், கேள்விப்பட்டது உண்மையா? நம்பவே முடியலடா. என்னடா ஆச்சு? நல்லாத்தானே இருந்தான்? உன்கிட்டகூட எதுவும் சொல்லலையா? தைரியமா இருடா, நீதான் அம்மாவைப் பார்த்துக்கணும். ஏதாவது வேணும்னா சொல்லு."

எழுதியவருக்கு உண்மையான பதற்றம்தான், சந்தேகமில்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள், நான்கு கேள்விகள். முதல் கேள்வி, அந்தச் செய்தியை அவர் கையாலேயே உறுதி செய்து தட்டச்சு செய்யச் சொல்கிறது. "நல்லாத்தானே இருந்தான்" என்பது நீ கவனிக்கவில்லை என்று படிக்கப்படும். "உன்கிட்டகூட" என்பதைப் பற்றிக் கீழே தனியாகவே பேச வேண்டும். "நீதான் பார்த்துக்கணும்" என்பது இன்னும் அழக்கூட ஆரம்பிக்காதவர் தோளில் ஒரு பாரத்தை ஏற்றுகிறது. "வேணும்னா சொல்லு" என்றால் என்ன வேண்டும் என்று யோசிக்கும் வேலையும் அவருடையதாகிவிடுகிறது.

இப்படி மாற்றலாம்:

"பிரபு, தினேஷ் பத்திக் கேள்விப்பட்டேன்டா. ரொம்ப கஷ்டமா இருக்கு. மதியம் 2 மணிக்கு ஜி.எச்.சுக்கு வரேன், வெளியிலதான் இருப்பேன். தண்ணியும் சாப்பிட ஏதாவதும் எடுத்துட்டு வரேன். இதுக்கு நீ பதில் போட வேணாம்."

இதில் கேள்விக்குறி ஒன்றுகூட இல்லை. அனுப்பும் முன் சரிபார்க்க வேண்டியது முதலில் அதைத்தான். இறந்தவரின் பெயர் இருக்கிறது. பலரும் பெயரைத் தவிர்த்து "அந்த விஷயம்", "அது" என்று எழுதுவார்கள், அது தம்பியையே சொல்லக் கூசும் பொருளாக்கிவிடும். எப்படி இறந்தார் என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. உதவி, நேரத்தோடும் இடத்தோடும் இருக்கிறது. பதில் போட வேண்டாம் என்ற கடைசி வரிதான் இத்தனையிலும் பெரிய உதவி.

பிரபு உங்களைவிட மூத்தவர், அண்ணே என்று கூப்பிடும் பழக்கம் என்றால் அப்படியே எழுதுங்கள். துக்கத்துக்காகத் திடீரென்று "தங்கள் சகோதரரின் மறைவு" என்று மரியாதை கூட்ட வேண்டாம்.

குற்றச்சாட்டு எங்கே ஒளிந்திருக்கிறது

"நீதான் காரணம்" என்று முகத்துக்கு நேராகச் சொல்பவர்கள் குறைவு. நம் பேச்சில் குற்றச்சாட்டு பெரும்பாலும் வாக்கியத்தின் ஒட்டுகளில் உட்கார்ந்திருக்கும், சொல்பவருக்கே தெரியாமல். மூன்றை மட்டும் காது கொடுத்துக் கவனித்தால் போதும்.

முதலாவது "-கூடவா". "உன்கிட்டகூடவா சொல்லல?", "அம்மாகூடவா கவனிக்கல?" கேட்பவர் நினைப்பது, அவ்வளவு நெருக்கமான உனக்கே தெரியவில்லையே, பாவம் என்று. பிரபுவின் காதில் விழுவது, நெருக்கமானவன் என்று சொல்லிக்கொள்கிறாய், ஆனால் உன்னிடம் சொல்லத் தோன்றவில்லை பார் என்று.

இரண்டாவது "-இருக்கலாமே". "ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே", "டாக்டர்கிட்ட காட்டியிருக்கலாமே", "தனியா விடாம இருந்திருக்கலாமே". பிரபு இதை நேற்று இரவிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறார். வெளியிலிருந்து ஒரு குரல் அதையே சொன்னால் தீர்ப்பு வந்துவிட்டதாக ஆகும்.

மூன்றாவது "-இருந்திருந்தா". "நான் மட்டும் ஊர்ல இருந்திருந்தா இப்படி ஆக விட்டிருக்க மாட்டேன்." பாசத்தில் வருகிற பேச்சு. ஆனால் ஊரில் இருந்தவர் பிரபு. பெரியவர்கள் பந்தலில் மார்தட்டிச் சொல்லும் இந்த வாக்கியம்தான் மற்ற இரண்டையும்விட ஆழமாகக் குத்துகிறது என்பது எங்கள் கருத்து, ஏனென்றால் அதை எதிர்த்து ஒன்றும் பேச முடியாது.

இந்த மூன்றும் இறந்தவர் மீது திரும்பும்போதும் இதே கதைதான். "பெத்தவங்களை ஒரு நிமிஷம் நினைச்சுப் பார்த்திருக்கலாமே" என்பது தாயின் காதில், உன்மேல் அவனுக்குப் பாசமில்லை என்று விழும். கோழை, சுயநலக்காரன், அவசரப்பட்டுட்டான் எல்லாம் அந்த வகை. அதற்கு எதிர்ப்பக்கம் போய், "இனிமே அவனுக்குக் கஷ்டமே இல்ல, நிம்மதியாப் போயிட்டான்" என்றும் சொல்லாதீர்கள். சாவைத் தீர்வாகக் காட்டும் அந்தப் பேச்சை, அதே அறையில் துவண்டு உட்கார்ந்திருக்கும் இன்னொருவர் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

ஆவி அலையும், ஆன்மா சாந்தியடையாது, பாவம் என்ற பேச்சுகளும் வரும். அவற்றோடு வாதம் செய்ய சாவு வீடு இடமில்லை. நீங்கள் சொல்லாமல் இருந்தால் போதும். கத்தோலிக்கக் குடும்பமாக இருந்து "கோயில்ல பூசை வைக்க மாட்டாங்க" என்று யாராவது பயமுறுத்தினால் மட்டும், 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத்தொகுப்பில் அப்படித் தடை இல்லை, பங்குத்தந்தையிடம் பேசலாம் என்று மெதுவாகச் சொல்லுங்கள். பழைய நினைப்பில் பலர் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

மரணத்தை எந்தச் சொல்லால் குறிப்பது? அந்த வீட்டார் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்களோ அதையே. தம்பி "தவறிட்டான்" என்று பிரபு சொன்னால் நீங்களும் தவறிட்டான் என்றே சொல்லுங்கள். அவரே "தற்கொலை" என்று சொன்னால் நீங்கள் முகம் சுளிக்காமல், குரலைத் தாழ்த்தாமல் அதே சொல்லைச் சொல்லலாம். வெளியாருக்கு "நெஞ்சுவலி" என்று சொல்ல வீட்டில் முடிவு செய்திருந்தால், உங்களுக்கு உண்மை தெரியும் என்று காட்டிக்கொள்ள வேண்டாம். எப்படி, எங்கே, எதனால் என்ற விவரமுள்ள வட்டாரச் சொற்களை எந்த நிலையிலும் எடுக்காதீர்கள். அவை ஒவ்வொன்றும் அந்தக் காட்சியைக் கண் முன் கொண்டுவரும். கண்டெடுத்தவர் பிரபுவாகவே இருக்கலாம்.

வீட்டுக்குப் போகும்போது

நம் ஊரில் சாவு வீட்டில் வாங்க என்று கூப்பிடுவதில்லை, கிளம்பும்போது போயிட்டு வரேன் என்றும் சொல்வதில்லை. இந்த வழக்கம் உங்களுக்குச் சாதகம். உள்ளே போக ஒரு வசனம் தேவையில்லை. போய், கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் உட்காருங்கள். அவர் பேசும்வரை பேச வேண்டியதில்லை. மௌனம் நீண்டு, ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் போலிருந்தால், "தினேஷை நினைச்சா மனசு ஆறலடா" என்று ஒரே ஒரு வாக்கியம். உங்களுக்குத் தினேஷைத் தெரியும் என்றால் சாவைத் தவிர்த்து அவர் உயிரோடு இருந்ததிலிருந்து ஒன்றைச் சொல்லலாம்: "போன பொங்கலுக்கு நம்ம எல்லாரையும் வண்டியில ஏத்தி தேவனாம்பட்டினம் பீச்சுக்குக் கூட்டிட்டுப் போனான்ல." இறந்த விதம் அந்த வீட்டில் எல்லாவற்றையும் மூடிவிட்டிருக்கும். 24 வருடம் வாழ்ந்த பையனைப் பற்றி யாராவது பேசினால் வீட்டார் கண்ணீர் விடுவார்கள். அழட்டும், நீங்கள் தவறாக எதுவும் சொல்லிவிடவில்லை.

கால் மணி நேரம், அரை மணி நேரம் போதும். அதற்குமேல் இருப்பதென்றால் வேலை ஏதாவது எடுத்துக்கொண்டு இருங்கள்: நாற்காலி போடுவது, வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது, போனைச் சார்ஜ் போடுவது.

பெரும்பாலும் சிக்கல் உங்களிடமிருந்து வராது, பக்கத்து நாற்காலியிலிருந்து வரும். தூரத்துப் பெரியப்பா ஒருவர் பிரபுவைப் பிடித்து, "என்னப்பா, பொண்ணு விஷயமா? லெட்டர் ஏதும் எழுதி வெச்சானா?" என்று ஆரம்பிப்பார். அவரைத் திருத்தப் போனால் சண்டையாகும். பிரபுவை அங்கிருந்து எடுப்பதுதான் சுலபம்: "பெரியப்பா, காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலை இவன். ஒரு நிமிஷம் உள்ள கூட்டிட்டுப் போறேன்." சாப்பாட்டின் பெயரைச் சொன்னால் நம் பெரியவர்கள் யாரும் தடுப்பதில்லை. அவரே பிறகு உங்களைக் கேட்பார், "உனக்குத் தெரியுமாமே, என்ன பிரச்சனையாம்?" என்று. "எனக்கும் தெரியல பெரியப்பா" என்பதோடு நிறுத்துங்கள். தெரிந்திருந்தாலும் பதில் அதுதான். "கடன்னு பேசிக்கிறாங்க" என்று நீங்கள் விடும் அரை வாக்கியம், காரியத்துக்குள் ஊர் முழுக்க உறுதியான செய்தியாகிவிடும்.

அந்த ஒற்றைக் காரணத் தேடல் அரட்டைக்காக மட்டும் நடப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காரணம் ஒன்று கிடைத்தால் நம் வீட்டுக்கு இது வராது என்ற நிம்மதி கேட்பவருக்குக் கிடைக்கிறது. ஆனால் தற்கொலை ஒரே காரணத்தால் நடப்பது அரிது. மனநோய், குடி, பணம், உறவு, உடல்வலி என்று பலவும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். கடைசியில் நடந்த ஒரு சண்டையோ ஒரு மதிப்பெண்ணோ மட்டும் கண்ணில் படும். அந்தக் கடைசி நிகழ்ச்சியோடு தொடர்புடையவர்மேல் மொத்தப் பழியும் விழும். நம் வீடுகளில் அது பெரும்பாலும் மனைவி, மருமகள், காதலித்த பெண் என்று ஒரு பெண்மேல்தான் விழுகிறது. "அவ வந்த நேரம்" என்று பேச்சு தொடங்கினால் தலையாட்டக்கூட வேண்டாம். எழுந்து தண்ணீர் எடுக்கப் போய்விடுங்கள்.

அவரே பேசத் தொடங்கும்போது

இங்குதான் நல்ல நண்பர்களும் தடுமாறுகிறார்கள். இரண்டாம் நாள் பால் தெளித்து முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, பிரபு திண்ணையில் உட்கார்ந்து சொல்கிறார்: "என்னாலதான்டா. சாயந்தரம் போன் பண்ணான், ஷிஃப்ட்ல இருந்தேன், எடுக்கல."

நாம் உடனே சொல்வது, "சே, அப்படியெல்லாம் சொல்லாதடா, உன்மேல என்ன தப்பு?" ஆறுதலாகத்தான் தெரிகிறது. ஆனால் அது அவர் வாயை மூடும். அவருக்குத் தான் எடுக்காத அந்தப் போனைப் பற்றி யாரிடமாவது சொல்ல வேண்டியிருக்கிறது. அதைவிட மோசமானது, "ஏன்டா எடுக்கல?" என்ற கேள்வி.

முதலில் அவர் சொன்னதை அவருக்கே திருப்பிக் கொடுங்கள்: "அந்த போன்தான் மனசுல ஓடிட்டே இருக்கு." பிறகு சும்மா இருங்கள். அவர் மூன்று, நான்கு முறை அதையே சுற்றிச் சுற்றிச் சொல்லலாம். கேட்டு முடித்த பின், அவசரமில்லாமல், உண்மையான ஒன்றைச் சொல்லலாம்: "இன்னைக்கு உனக்குத் தெரிஞ்சது அன்னைக்கு சாயந்தரம் தெரியாதுடா. தினமும் வர்ற போன்னு நினைச்ச. யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பாங்க." இது "உன்மேல் தப்பில்லை" என்ற தீர்ப்பிலிருந்து வேறானது. தீர்ப்பென்றால் அவர் மறுத்துப் பேசுவார். நடந்த வரிசையை நீங்கள் எடுத்துச் சொன்னால் அதை வைத்து அவர் பின்னால் யோசிக்க முடியும். ஒரே நாளில் குற்ற உணர்ச்சி போய்விடாது. அடுத்த மாதம் அதே போனைப் பற்றி அவர் மறுபடி பேசும்போது "அதைத்தான் அன்னைக்கே பேசிட்டோமே" என்று சொல்லாமல் இருப்பது உங்கள் பங்கு.

"ஏன்டா இப்படிப் பண்ணான்?" என்று அவர் கேட்டால், அது உங்களிடம் பதில் எதிர்பார்க்கும் கேள்வி இல்லை. "தெரியலடா. எனக்கும் அதேதான் ஓடுது." உங்களிடம் ஊகம் இருந்தாலும் உள்ளேயே வையுங்கள்.

கோபமும் வரும். "எங்க எல்லாரையும் விட்டுட்டுப் போயிட்டான் பாரு, பாவி." செத்தவனைத் திட்டாதே என்று தடுக்காதீர்கள், கூடச் சேர்ந்தும் திட்டாதீர்கள். "கோபம் வரத்தான் செய்யும்டா" என்பது போதும். சில வீடுகளில், பல வருடம் குடியோடோ மனநோயோடோ போராடிய பிறகு இது நடந்திருந்தால், "இனிமே ராத்திரி முழிச்சிருக்க வேண்டாம்னு ஒரு நிமிஷம் தோணுச்சு" என்று நண்பர் தலைகுனிந்து சொல்வார். வேறு யாரிடமும் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்லியிருக்கிறார். அதிர்ச்சியைக் காட்டாமல், "அத்தனை வருஷம் தூங்காம இருந்தவன் நீ" என்று மட்டும் சொல்லுங்கள். அதை இன்னொருவரிடம் எடுத்துச் செல்லாதீர்கள்.

நேராகக் கேட்டே ஆக வேண்டிய ஒரே கேள்வி

இதுவரை கேள்வி வேண்டாம் என்றே சொல்லி வந்தோம். ஓர் இடத்தில் மட்டும் கேட்க வேண்டும். "நானும் அவன்கூடவே போயிடலாம் போல இருக்கு" என்று பிரபு சொன்னால் அதைத் துக்கத்தில் வரும் பேச்சு என்று கடந்துவிடக் கூடாது. தற்கொலையில் நெருங்கியவரை இழந்தவர்களுக்கே அந்த எண்ணம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். "சாகணும்னு நினைக்கிறியா பிரபு?" என்று அந்தச் சொல்லாலேயே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. இருந்தால் வெளியே வர வழி கிடைக்கும். "அப்படி ஏதும் பண்ணிட மாட்டியே?" என்று கேட்டால் இல்லை என்ற பதிலை நீங்களே அவர் வாயில் வைக்கிறீர்கள்.

ஆமாம் என்றால் அறிவுரை வேண்டாம். "அம்மாவை நினைச்சுப் பாரு" என்பது இங்கேயும் பழிதான். "சொன்னது நல்லதுடா. இன்னைக்கு உன்கூடவே இருக்கேன்" என்று சொல்லி, அப்படியே இருங்கள், தனியாக விடாதீர்கள், வீட்டில் நம்பகமான ஒருவருக்குத் தெரிவியுங்கள். அவர் ரகசியம் என்று கேட்டாலும் இதில் மட்டும் வாக்குக் கொடுக்க வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். அவர் பேசத் தயங்கினால் நீங்களே அழைத்து, நண்பருக்காகக் கூப்பிடுகிறேன் என்று சொல்லலாம். நேரில் என்றால் ஜிப்மரில் மனநல மருத்துவப் பிரிவு இருக்கிறது. உடனடி ஆபத்து என்றால் அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு.

தவறாகக் கேட்டுவிட்டால்

பதற்றத்தில் "உன்கிட்டகூடவா சொல்லல?" என்று ஏற்கெனவே கேட்டுவிட்டீர்களா? நண்பரின் பதில் குறைந்து ஒற்றைச் சொல்லாகிவிட்டால், அல்லது கேட்காமலே அவர் தன் தரப்பை விளக்கத் தொடங்கினால், அது அவரைக் குத்திவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். மறுநாள் சுருக்கமாக: "நேத்து நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. மன்னிச்சுடுடா." அவ்வளவுதான். நான் எந்த அர்த்தத்தில் கேட்டேன் என்று விளக்கம் எழுதினால், உங்களைச் சமாதானப்படுத்தும் வேலை அவருக்கு வந்து சேரும்.

காரியம் முடிந்த பிறகு

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்த மறு வாரம், வீடு ஒரேயடியாக வெறிச்சென்று ஆகும். பிரபு வேலைக்குத் திரும்புவார். முதல் நாள் கேன்டீனில் யாராவது கேட்பார்கள் என்ற பயம் அவருக்கு இருக்கும். முந்தின நாள் ஒரு செய்தி: "நாளைக்கு பஸ் ஸ்டாண்டுலேருந்து சேர்ந்தே போவோம். யாராவது ஏதாவது கேட்டா நான் பார்த்துக்கறேன். ஆபீஸ்ல என்ன சொல்லணும்னு நீ நினைக்கிறியோ அதையே நானும் சொல்றேன்." இந்தக் கடைசி வரி முக்கியம், என்ன சொல்வது என்ற முடிவு அவருடையது.

காகித வேலைகளிலும் உதவலாம். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், பிரேதப் பரிசோதனை அறிக்கையும் காவல் நிலையத்தில் பதிவின் நகலும் வாங்க வேண்டியிருக்கும். "எல்லாம் முடிஞ்சுதா?" என்று கேட்பதைவிட, "வியாழக்கிழமை எனக்கு வார லீவு. ஸ்டேஷனுக்குப் போகணும்னா வண்டி எடுத்துட்டு வரேன்" என்பது அவருக்கு லேசாக இருக்கும். அங்கே போனால் கவுன்டரில் நிற்பதும் காத்திருப்பதும் உங்கள் வேலை. காகிதத்தில் எழுதியிருப்பதைப் படிக்காமல் உறைக்குள் வைத்துக் கொடுங்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கை வரிகள் நண்பர் முகத்தை எப்போதும் வேறு மாதிரிப் பார்க்க வைத்துவிடும்.

பிறகு வரும் நாள்கள் மூன்று, நான்கை போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: தினேஷின் பிறந்தநாள், அந்த வீட்டில் கொண்டாடாமல் விடப்போகும் முதல் தீபாவளியும் பொங்கலும், முதல் வருடத் திதி. தீபாவளியன்று வாழ்த்துப் படம் அனுப்பாமல் இப்படி எழுதலாம்: "இன்னைக்கு தினேஷ் ஞாபகம் வந்துச்சுடா. சாயந்தரம் வீட்டுலதான் இருக்கேன், வரணும்னு தோணினா வா." பதில் வரவில்லையென்றால் அன்றைக்கு மறுபடி எழுத வேண்டாம். பத்துப் பதினைந்து நாள் கழித்து, தம்பியைப் பற்றி இல்லாமல், ஷிஃப்ட் மாற்றம், கிரிக்கெட் என்று சாதாரணமாக ஒன்று அனுப்புங்கள். பொங்கல் வரும்போது மறுபடி தினேஷ் பெயரை எழுதுங்கள்.